நான் அனுப்பிய காசு அத்தானுக்குக் கிடைக்கவில்லை

2022 நவம்பர் மாதம். ரொறன்ரோவில் ரூஜ் பக்கம் வீடு வாங்கி எங்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கனடா மத்திய வங்கி வட்டியைக் கூட்டக் கூட்ட, என் வீட்டுக் கடனும் கூடிக்கொண்டே போனது. அந்த நாட்களில் இங்கே நாலு தமிழர் கூடினால் ஒரே கதைதான்: "ஊரில ஃபிக்ஸட் டெபொசிட்டுக்கு 25 வீதம் குடுக்கிறாங்களாம்."

நானும் விடவில்லை. 5,000 கனடா டொலர் அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெயரில், ஒரு வங்கியில், ஏறக்குறைய 13 இலட்சம் ரூபாயாக அது வைப்பில் விழுந்தது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

மூன்று மாதம் கழித்து கிளிநொச்சியிலிருந்து அத்தான் எடுத்தார். சின்னதாக ஒரு அரிசி மில் வைத்திருக்கிறார். காலபோக அறுவடை நேரம் கடன் எடுத்து நெல் வாங்கி, நாலு மாதத்துக்குள் குத்தி விற்றுக் கடனை அடைப்பது அவர் வழக்கம். அந்த முறை வங்கி அவருடைய கடன் எல்லையைப் பாதியாக வெட்டிவிட்டது. மிச்சப் பாதிக்கும் 30 வீத வட்டி.

"தம்பி, பாங்கில காசு இல்லாமல் இல்லை. காசு இருக்காம். ஆனா எனக்குத் தர ஏலாதாம்," என்றார்.

எனக்கு அது உடனே விளங்கவில்லை. நான் படித்தது எஞ்சினியரிங், பொருளாதாரம் இல்லை. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வங்கியின் பக்கம் இருந்து பாருங்கள். என்னைப் போன்றவர்களுக்கு 25 வீதம் வட்டி கொடுத்துக் காசை வாங்கிவிட்டது. இனி அதை எங்கேயாவது போட்டு உழைக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அத்தானைப் போன்ற ஒருவருக்குக் கடன் கொடுப்பது. மற்றது, இலங்கை அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பது. அரசாங்கம் குறுங்காலக் கடன் எடுக்கும் பத்திரத்துக்குத் திறைசேரி உண்டியல் என்று பெயர். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று வகை. கிழமைக்கு ஒரு தடவை ஏலம் நடக்கும். 2022 நவம்பரில் 91 நாள் உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டி நின்றது.

25 வீதத்துக்கு வாங்கி 30 வீதத்துக்கு அரசாங்கத்திடம் போட்டால், வங்கிக்கு ஐந்து வீதம் மிச்சம். மில்லைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை, காணி உறுதி சரி பார்க்கத் தேவையில்லை, தவணை தவறினால் ஆள் தேடி அலையத் தேவையில்லை. இன்னொன்றும் இருக்கிறது. வங்கி எந்தக் கடன் கொடுத்தாலும் அதன் ஆபத்துக்கு ஏற்ப சொந்த முதலை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது சட்டம். ரூபாயில் அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்கு அந்த ஆபத்து பூச்சியம் என்று கணக்கு. சின்ன வியாபாரிக்குக் கொடுத்தால் அப்படி இல்லை. அப்படியென்றால் எந்த மனேஜர் அத்தானின் ஃபைலை மேலே எடுத்து வைப்பார்?

பொருளாதாரப் பாடத்தில் 'கிரவுடிங் அவுட்' என்று சொல்வது இதைத்தான். வரிசையில் அரசாங்கம் முன்னால் வந்து, என்ன விலை கொடுத்தும் வாங்குவேன் என்று நிற்கிறது. பின்னால் நிற்பவர்கள் ஒன்று அந்த விலைக்கு வாங்க வேண்டும், அல்லது வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். நெருக்கித் தள்ளிவிடுவது என்று சொல்லலாம்.

அத்தானுக்கு இது எவ்வளவு செலவு? கணக்குக்காக நெல் கிலோ 100 ரூபாய் என்று வைப்போம். 50 இலட்சம் ரூபாய்க்கு 50,000 கிலோ நெல். 30 வீத வட்டியில் நாலு மாதத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய். நூறு கிலோ நெல் குத்தினால் 65 கிலோ அளவில் அரிசி வரும். ஆகவே 32,500 கிலோ அரிசி. அதாவது ஒவ்வொரு கிலோ அரிசியின் தலையிலும் வட்டி மட்டும் 15 ரூபாய்க்கு மேல். அதே கடன் 12 வீதத்தில் கிடைத்திருந்தால் ஆறு ரூபாய்தான். கிலோவுக்குச் சில ரூபாய் இலாபத்தில் ஓடும் சின்ன மில்லுக்கு அந்த ஒன்பது ரூபாய் வித்தியாசம்தான் உயிர். சொந்தக் காசில் நெல் வாங்கக் கூடிய பெரிய ஆலை முதலாளிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஆக, நெருக்கித் தள்ளும்போது எல்லாரும் ஒரே அளவுக்குத் தள்ளுப்படுவதில்லை. சின்னவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

"பணவீக்கம் 50 வீதத்தில் இருக்க, 30 வீத வட்டி மலிவுதானே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 50 வீதம் ஒரு வருடத்துக்கு முந்திய விலையோடு ஒப்பிட்ட கணக்கு. விலைகள் பாய்ந்து ஏறியது 2022இன் முதல் ஒன்பது மாதத்தில். அதன் பிறகு ஏற்றம் ஏறக்குறைய நின்றுவிட்டது. 2023 மாசியில் நெல் வாங்குபவருக்கு அடுத்த நாலு மாதத்தில் அரிசி விலை ஏறி வட்டியை மூடித் தரப் போவதில்லை.

அரசாங்கம் ஏன் இவ்வளவு விலை கொடுத்து நின்றது? 2019 இறுதியில் வரிகளைக் கண்டபடி குறைத்தார்கள். 15 வீதமாக இருந்த வற் வரி 8 வீதமானது. வருமானம் விழுந்தது, செலவு விழவில்லை. 2020இல் கடன் தரப்படுத்தல் இறங்கியதோடு வெளிநாட்டுச் சந்தையும் கதவைச் சாத்தியது. மிஞ்சியது உள்நாட்டு வங்கிகளும், மத்திய வங்கி அச்சடிக்கும் காசும். இரண்டு வருடம் காசு அச்சடித்து வட்டியைக் கீழே பிடித்து வைத்திருந்தார்கள். அதனால் அப்போது யாரும் நெருக்கத்தை உணரவில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தியது. நாலு நாள் கழித்து வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மூடி வைத்திருந்த நெருக்கம் அதோடு வெளியே வந்தது. அந்த வருடம் அரசாங்கத்தின் வருமானத்தில் 70 வீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது. பழைய வட்டியைக் கட்டப் புதுக் கடன், அந்தக் கடனுக்கு இன்னும் கூடிய வட்டி.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 30 வீதம் முழுவதும் அரசாங்கம் அதிகம் கேட்டதால் மட்டும் வந்ததில்லை. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வேண்டுமென்றே உயர்த்தியது ஒரு பகுதி. உள்நாட்டுக் கடனையும் வெட்டுவார்களோ என்ற பயத்தில் கடன் கொடுப்பவர்கள் கேட்ட கூடுதல் விலை இன்னொரு பகுதி. டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றதால் பல வியாபாரங்களுக்குக் கடனே தேவைப்படாமல் போனதும் உண்மை. அப்படியென்றால் நெருக்கித் தள்ளல் நடந்தது என்று எப்படிச் சொல்வது? வியாபாரிகள் கடன் வேண்டாம் என்று விலகினால் மட்டும் வட்டி விழ வேண்டும். கடனும் சுருங்கி வட்டியும் உச்சத்தில் நின்றால், வேறு யாரோ காசை எடுக்கிறார்கள் என்று அர்த்தம். இலங்கையில் 2022 நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் தனியார் துறைக் கடன் சுருங்கிக்கொண்டே போனது. அதே காலம் வங்கிகளிடம் திறைசேரி உண்டியல்கள் குவிந்தன.

அரசாங்கம் கடன் எடுத்தாலே இப்படித்தான் நடக்கும் என்றும் இல்லை. 2020-21 நிதியாண்டில் கனடா அரசாங்கத்தின் பற்றாக்குறை 300 பில்லியன் டொலருக்கு மேல். ஆனாலும் வட்டி அடிமட்டத்தில் இருந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன, யாரும் கடன் கேட்கவில்லை, சனம் செலவழிக்க வழியில்லாமல் சேமித்தது. மத்திய வங்கியும் அரசாங்கப் பத்திரங்களை வாங்கியது. உலகம் கனடாவை நம்பியது. வெறுமையாகக் கிடக்கும் பஸ்ஸில் ஒரு பருத்த ஆள் ஏறினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நிரம்பி வழியும் பஸ்ஸில் ஏறினால்தான் கடைசிப் படியில் நிற்பவன் விழுவான்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? திறைசேரி உண்டியல் வட்டி இறங்கி, தனியார் கடன் திரும்பவும் வளர்கிறது. ஐ.எம்.எஃப். உடன்படிக்கையின்படி, வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் அரசாங்கத்தின் வரவு செலவை விடக் கூட இருக்க வேண்டும். 2023இலும் 2024இலும் அப்படி இருந்தது. அந்த இடைவெளி கிடைத்ததால்தான் பஸ்ஸில் கொஞ்சம் இடம் வந்தது.

ஆனால் ஒரு கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டிருக்கிறது. 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்காகக் காசு அச்சடிப்பதைத் தடை செய்கிறது. அது நல்ல சட்டம். இல்லாவிட்டால் திரும்பவும் பணவீக்கம்தான். ஆனால் இனி ஒரு தேர்தலுக்காக வரியைக் குறைத்து வாரி இறைத்தால், அந்தப் பற்றாக்குறை நேரே வங்கிகளின் வாசலுக்குத்தான் வரும். முன்னர் காசு அச்சடித்து இரண்டு வருடம் மறைத்த நெருக்கத்தை இனி மறைக்க முடியாது. முதல் மாதமே அத்தான் உணர்வார்.

ஆகவே, ஊரில் யாராவது வரிக்குறைப்பு வாக்குறுதி கொடுத்தால், "அந்தக் குறையை யாரிடம் கடன் எடுத்து நிரப்பப் போறியள்?" என்று நாங்கள் கேட்க வேண்டும். ஊரில் வைப்பு வட்டி திடீரென்று ஏறுகிறது என்று கேள்விப்பட்டால், சந்தோஷப்படுவதற்கு முன்னர் அந்த வட்டியை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எனக்கு 25 வீதம் கிடைத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வங்கிக்கூடாக அரசாங்கத்துக்குப் போன அந்தப் 13 இலட்சத்தை நேரே அத்தானிடம் 15 வீதத்துக்குக் கொடுத்திருக்கலாம். அவர் கேட்டிருக்க மாட்டார். நானும் யோசிக்கவில்லை.

அந்தப் போகம் அவர் பாதி நெல்தான் வாங்கினார். மில்லில் வேலை செய்த மூன்று பேரில் ஒருவரை நிற்பாட்டினார். அந்த ஆளின் பெயர் எந்தக் கடன் அறிக்கையிலும் வராது.