எங்கள் சமையற்கட்டு அண்ணனுக்கு நன்றி

எங்கள் ஆலயத்தின் அன்னதானச் சமையற்கட்டை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்ட அண்ணன் போன வாரம் இறைவனடி சேர்ந்தார். பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் போடவில்லை. அவரிடம் கரண்டி பிடித்துப் பழகிய நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். எங்களில் ஒருவர் இன்று ஹோட்டல் சமையலறையில் இருக்கிறார், ஒருவர் கேட்டரிங் நடத்துகிறார், ஒருவர் மருத்துவமனைச் சமையலறையில் மேற்பார்வையாளர். மூன்று பேருக்கும் தொழில் தொடங்கிய இடம் அந்தச் சமையற்கட்டுதான்.

படம் பார்த்துவிட்டுப் பலரும் "அவர் கைமணம் யாருக்கு வரும்?" என்று எழுதுகிறீர்கள். உண்மைதான். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது அவர் சொல்லிக்கொடுத்த நேரக்கணக்கு.

புரட்டாசி சனிக்கிழமைக்கு ஆயிரம் பேர் என்றால் அரிசி சுமார் நூறு கிலோ. இந்தக் கணக்கை யாரும் சொல்லிவிடுவார்கள். அண்ணன் கேட்கும் முதல் கேள்வியே வேறு: "பூசை எத்தனை மணிக்கு முடியுது?" 12.30 என்றால், 12.45க்கு முதல் பந்தி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி 11.45க்கு உலை வைக்கச் சொல்வார். நூறு கிலோவையும் ஒரே மூச்சில் வடிக்க மாட்டார். இருபது இருபது கிலோவாக ஐந்து தடவை. ஒரு அண்டா பந்திக்குப் போகும்போதுதான் அடுத்தது அடுப்பில் ஏறும்.

ஏன் இவ்வளவு பாடு? பச்சரிசியிலேயே இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது. "மூக்கை நம்பாதீங்கப்பா, கடிகாரத்தை நம்புங்க" என்பார். சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருக்கணும், முடியாவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் தீரணும். ஒவ்வொரு அண்டா மூடியிலும் வெள்ளை டேப் ஒட்டி, இறக்கிய நேரத்தை எழுத வைப்பார். நேரம் எழுதாத அண்டா பந்திக்குப் போகாது.

ஒரு சனிக்கிழமை பூசை ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. செய்தி வந்தபோது முதல் அண்டா சோறு தயார். அண்ணன் பதறவில்லை. இரண்டாவது அண்டாவுக்கு ஊறிக்கொண்டிருந்த அரிசியைத் தண்ணீர் வடித்து வைக்கச் சொன்னார், இல்லையென்றால் ஊறிப்போய் குழைந்துவிடும். மூன்றாவதை ஊறவே போடவில்லை. சாம்பார் சின்னத் தீயில் கொதித்துக்கொண்டே இருந்தது. பொரியலில் தேங்காய்த் துருவல் இன்னும் சேர்க்கவில்லை, சேர்த்தால் சீக்கிரம் கெடும். தயிர்சாதத்துக்குச் சோறே வடிக்கவில்லை, அதைக் கடைசி அண்டாவிலிருந்து எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே தயாரான சோற்றை என்ன செய்தார்? காத்திருந்த தொண்டூழியர்களையும் வயதானவர்களையும் கூப்பிட்டு, "முதல்ல நீங்க பசியாறுங்க" என்று அப்போதே போட்டுவிட்டார். கடைசிப் பந்தி மூன்றரை மணிக்கு. அதில் உட்கார்ந்தவர் இலையிலும் ஆவி பறந்தது.

ஹோட்டலில் விருந்து தாமதமானால் எங்கள் ஆள் இன்றும் அதைத்தான் செய்கிறார்: எதை நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது என்று முதலில் பிரிக்கிறார். பிறகு படிப்பில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர் சொன்னார்கள். எங்களுக்கு அது புதுசாகத் தெரியவில்லை.

இப்போது எங்கள் கருத்து. சமையற்கட்டுக்கு ஆள் இல்லை, இனி எல்லா வாரமும் வெளியே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பெரிய விழா நாளில் வெளியே வாங்குவதில் தப்பே இல்லை. இடம் சின்னது, ஆள் பலம் குறைவு, அது நியாயம். ஆனால் முழுசாக மூடிவிட்டால் பொட்டலம் வரும், தொழில் வராது. பதினேழு வயதுப் பையன் வெங்காயம் உரிக்க வந்து, ஐந்து வருஷத்தில் ஆயிரம் பேருக்குக் கணக்குப் போடுகிற ஆளாக மாறுவதற்கு அந்த இடம் வேண்டும்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். மாதம் ஒரு சனிக்கிழமை சமையற்கட்டை எங்களிடம் கொடுங்கள். இருநூறு பேருக்குப் போதும். நாங்கள் முறை போட்டு வருகிறோம், இளையர்கள் பத்துப் பேரைக் கூடவே வைத்துக்கொள்கிறோம். உணவு சுகாதாரப் பயிற்சி முடித்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள், பொறுப்பை அவர்கள் ஏற்கிறார்கள். வர விருப்பமுள்ள இளையர்கள் கீழே பெயர் எழுதுங்கள். சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும்.

அண்ணே, நீங்கள் கொடுத்த தொழிலுக்கு நன்றி. டேப்பும் பேனாவும் எங்களிடம் இருக்கு.