பிளாக்செயின் பதிவை மாற்றவே முடியாதா? எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

“பிளாக்செயினில் ஏற்றிவிட்டோம், இனி யாராலும் மாற்ற முடியாது” என்று அறிவிக்கும் எந்தப் பதிவேடும், அதை மாற்ற என்ன செலவாகும், அந்த வலிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் வெளியிட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. பிளாக்குகள் பிணைந்திருப்பது மட்டும் போதிய பாதுகாப்பு ஆகாது.

பிட்காயினை எடுத்துக்கொள்வோம். அங்கே சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் சேர்கிறது. ஒவ்வொரு பிளாக்குக்கும் 80 பைட் அளவுள்ள தலைப்பு உண்டு. முந்தைய பிளாக்கின் ஹேஷும், இந்தப் பிளாக்கின் பரிவர்த்தனைகள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஹேஷும் அதில் இருக்கும். பொருளை வாங்கிக்கொண்ட ஒருவர், 100 பிளாக்குகளுக்கு முன் தான் பணம் கொடுத்த பதிவை நீக்குகிறார் என்று வைப்போம். அந்தப் பிளாக்கின் ஹேஷ் மாறிவிடும். அடுத்த பிளாக்கில் எழுதியிருப்பதோ பழைய ஹேஷ். திருட்டு அங்கேயே வெளிப்படும்.

பிணைப்பு செய்யும் வேலை இவ்வளவுதான்: மாற்றத்தைக் காட்டிக்கொடுப்பது. மாற்றத்தைத் தடுப்பது வேறொன்று. பிளாக்கின் ஹேஷ், விதித்த எல்லைக்குக் கீழே வந்தால்தான் அது செல்லும். அப்படி வரும்வரை தலைப்பிலுள்ள எண்களை மாற்றி மாற்றிக் கணக்கிட வேண்டும்; குறுக்குவழி இல்லை. மோசடிக்காரர் அந்தப் பிளாக்கையும் அதற்குப் பின் வந்த அனைத்தையும் இப்படி மீண்டும் உருவாக்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் அசல் சங்கிலியை நீட்டிக்கொண்டே போவார்கள். அதிக உழைப்பு சேர்ந்த சங்கிலியைத்தான் கணினிகள் ஏற்கும்.

சத்தோஷி நகமோட்டோ 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குக் கணக்கு இருக்கிறது. மொத்தக் கணிப்புத் திறனில் 10 சதவீதம் வைத்திருப்பவர், பணம் பெறுபவர் அந்தப் பதிவுக்கு மேல் 5 பிளாக் சேரும்வரை காத்திருந்த பிறகும் அசல் சங்கிலியை எட்டிப்பிடிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 30 சதவீதம் வைத்திருந்தால் அது நூற்றில் ஏறக்குறைய 18. பாதிக்கு மேல் வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் முந்தியே தீருவார்.

இது ஏட்டளவில் நிற்கவில்லை. 2020 ஆகஸ்டில் எத்தீரியம் கிளாசிக் சங்கிலியில் ஆயிரக்கணக்கான பிளாக்குகள் மாற்றி எழுதப்பட்டன. அங்கும் ஹேஷ் பிணைப்பு இருந்தது. ஆனால் அதைக் காத்த கணிப்புத் திறன் சிறியது. வாடகைக்கு எடுத்தே அதை மிஞ்ச முடிந்தது. ஒரே நிறுவனம் தன் சர்வர்களில் மட்டும் நடத்தும், உழைப்பு நிபந்தனை இல்லாத சங்கிலியின் நிலை இன்னும் மோசம். பழைய பதிவை மாற்றி, அடுத்தடுத்த ஹேஷ்களைப் புதிதாகக் கணக்கிட ஒரு சாதாரணக் கணினியே போதும். ஒப்பிட்டுப் பார்க்க வெளியே நகல் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

எனவே நாங்கள் கோருவது:

1. பிளாக் எழுதும் உரிமை எத்தனை பேரிடம், யார் யாரிடம் உள்ளது என்று அறிவிக்க வேண்டும்.
2. ஒரு பதிவுக்கு மேல் எத்தனை பிளாக் சேர்ந்த பிறகு அது உறுதியானதாகக் கொள்ளப்படும் என்று சொல்ல வேண்டும்.
3. ஒரே நிறுவனம் நடத்தும் சங்கிலி என்றால், கடைசி பிளாக்கின் ஹேஷை அன்றாடம் அந்நிறுவனத்துக்கு வெளியே, பொதுவில் பதிய வேண்டும்.

இவை மூன்றும் இருந்தாலும், முதலிலேயே பொய்யாக ஏறிய பதிவைச் சங்கிலி பொய்யாகவேதான் காக்கும். பதியும் இடத்தில் நடக்க வேண்டிய சரிபார்ப்புக்கு பிளாக்செயினை மாற்றாகக் காட்டுவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.