இன்சென்டிவை நம்பி இஎம்ஐ போடாதீங்க

சேல்ஸ்ல முதல் வருஷம் ஓடிட்டு இருக்கா? அப்போ ஒரு நாளைக்கு எத்தனை தடவை "வேண்டாம்"னு கேட்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தை வலிக்கிறதுக்குப் பாதிக் காரணம் நம்ம பர்ஸ்தான் என்பது என் கருத்து.

நான் வீடு வீடாகப் போய் பிராட்பேண்ட் கனெக்‌ஷன் விற்றவன். சம்பளம் 16,000 ரூபாய். மாசம் 20 கனெக்‌ஷன் தாண்டினால்தான் இன்சென்டிவ். 19-ல நின்னா பூஜ்யம். முதல் ஆறு மாசம் எனக்கு வந்த இன்சென்டிவ்: 0, 3,000, 14,000, 2,000, 0, 11,000. மூணாவது மாசம் 14,000 வந்ததும் 4,500 ரூபாய் இஎம்ஐ-ல பைக் எடுத்துட்டேன்.

ஐந்தாவது மாசம் கையில காசு இல்லை. ஒவ்வொரு கதவும் இஎம்ஐ மாதிரியே தெரிஞ்சது. தேவையே இல்லாத ரெண்டு பேர்கிட்ட கெஞ்சி கையெழுத்து வாங்கினேன். மூணு மாசத்துக்குள்ள ரெண்டு பேருமே கட் பண்ணிட்டாங்க. அதுக்கான தொகையை அடுத்த இன்சென்டிவ்ல கம்பெனி பிடிச்சுக்கிச்சு. வேலைக்குச் சேரும்போதே இந்தப் பிடித்தம் பற்றிய விதியை நான் படிச்சிருக்கணும். நீங்க இன்னிக்கே படிச்சிடுங்க.

இப்ப அதே கணக்கை வேற மாதிரி போட்டுப் பாருங்க. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் 16,000-க்குள்ள. இன்சென்டிவ் வந்தால் நேரா இன்னொரு சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு. மூணு மாசத்துல அங்க 17,000 சேரும். நாலாவது மாசத்துல இருந்து, வந்தாலும் வராவிட்டாலும், மாசம் 4,000 மட்டும் எடுங்க. ஆறு மாச சராசரி 5,000. அதைவிடக் கொஞ்சம் கம்மியா எடுக்கிறதுதான் விஷயம். பூஜ்யம் வந்த ஐந்தாவது மாசத்துலயும் 4,000 எடுத்த பிறகு 11,000 மிச்சம் இருக்கும். ஆறாவது மாச முடிவில் 18,000.

ஒரு எச்சரிக்கை: 16,000-க்குள்ள வாழவே முடியலைன்னா இந்த முறை காப்பாத்தாது. அப்போ நிலையான சம்பளம் அதிகமா இருக்கிற வேலையைத் தேடுறதுதான் சரி.

பண பயம் குறைஞ்சதும் "வேண்டாம்"ஐயும் நிதானமா பார்க்கலாம். நான் ஒரு நோட்டுல மூணா பிரிச்சு எழுத ஆரம்பிச்சேன்: பூட்டின வீடு, இப்போதைக்கு வேண்டாம், எப்பவுமே வேண்டாம். பூட்டின வீடு மறுப்பே கிடையாது. சாயங்காலம் திரும்பப் போகணும். "இப்ப இருக்கிற பிளான் முடியட்டும்"னு சொன்னவருக்குத் தேதி கேட்டு எழுதிக்கணும். மூணாவது வகையை அடிச்சிட்டு நகரணும். அப்படிப் பிரிச்சப்போதான் புரிஞ்சது, நான் மறுப்புன்னு நினைச்சு வருத்தப்பட்டதுல பல வீடுகள் மூணாவது வகையே இல்லை.

உங்க கடைசி ஆறு மாச இன்சென்டிவை எழுதி, கூட்டி, ஆறால வகுத்துப் பாருங்க. பெரிய மாசத்தை மறந்துட்டு, அந்த சராசரிக்குக் கீழே செலவைத் திட்டமிடுங்க.