பத்தாயிரமா, பதினெட்டாயிரமா?

என் தம்பி மகன் சிமெண்ட் டீலர். கம்பெனி அனுப்பிய காலாண்டு ஊக்கத்தொகைக் கணக்கில் ஒரே வரிதான்: “ஸ்லாப் 3, இலக்கு எட்டப்பட்டது, தர வேண்டியது ரூ.6,000.” இப்படி எழுதுவது கணக்கே அல்ல என்பேன்.

திட்டப்படி முதல் 1,000 மூட்டைக்கு ரூ.3, அடுத்த 1,000-க்கு ரூ.5, அதற்கு மேல் ரூ.8. விற்பனை 2,250 மூட்டை. அவன் எல்லாவற்றையும் எட்டால் பெருக்கி ரூ.18,000 எதிர்பார்த்தான். சுற்றறிக்கையோ “அந்தந்த ஸ்லாபுக்கு அந்தந்த விகிதம்” என்கிறது. இந்த ஒரு வாக்கியம் கணக்கின் தலையில் இருந்திருந்தால் கம்பெனியோடு சண்டையே வந்திருக்காது.

நான் திருத்தி எழுதிக் கொடுத்தது இது:

பில் போட்டது 2,340 மூட்டை
திரும்பி வந்தது 90
கணக்கில் சேர்வது 2,250 (இலக்கு 2,000)
1,000 × 3 = 3,000
1,000 × 5 = 5,000
250 × 8 = 2,000
மொத்தம் ரூ.10,000
முன்பே கிரெடிட் நோட்டில் வந்தது ரூ.4,000
பாக்கி ரூ.6,000

இப்போது ஒவ்வொரு வரியையும் தன் பில் புத்தகத்தோடு ஒப்பிடலாம். மூன்று ஸ்லாபின் மூட்டைகளையும் கூட்டினால் 2,250 வர வேண்டும். வராவிட்டால் தவறு அங்கேதான். திரும்பிய 90 மூட்டை எந்த மாதத்தில் கழிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். போன காலாண்டிலேயே கழித்திருந்தால் டீலருக்கு இரட்டை நஷ்டம்.

சுற்றறிக்கையே குழப்பமாக இருந்தால் எந்த அட்டவணையும் உதவாது. காலாண்டு தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.