பிள்ளை பெத்தவளுக்குத் தலைவலின்னா, தைலத்துக்கு முன்னாடி பிபி பாருங்க

1. மக்களே, பிரசவமாகி 6 வாரத்துக்குள்ள ஒரு பொண்ணு “தலை வலிக்குது”ன்னு சொன்னா நம்ம வீடுகள்ல என்ன பதில் வருது? “தலைக்குக் குளிச்சியா? நீர் கோத்திருக்கும்.” உடனே தைலம், சாம்பிராணி, பத்து. மெடிக்கல் ஷாப்புல ஒரு சளி மாத்திரை. பிபி மெஷினை மட்டும் யாரும் எடுக்குறதில்ல. இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இந்த இழை.

2. “கர்ப்பத்துல பிபியே இல்லையே டாக்டர்”னு சொல்லுவீங்க. அது பாதுகாப்பு இல்ல. கர்ப்ப காலத்துல உடம்பு சேர்த்து வெச்ச நீர், பிரசவத்துக்கு அப்புறம் ரத்த ஓட்டத்துக்குத் திரும்புது. அதனால பிபி பொதுவா உச்சத்துக்குப் போறது 3-லிருந்து 6-ஆவது நாளுக்குள்ள. கர்ப்பத்துல பிபி இல்லாதவங்களுக்கும் அப்போ முதல்முறையா ஏறலாம். நாம டிஸ்சார்ஜ் பண்றதோ பெரும்பாலும் 3-ஆவது, 4-ஆவது நாள்!

3. எப்படி நடக்குதுன்னு பாருங்க. (பல பேரோட கதையைச் சேர்த்துச் சொல்றேன்.) சிசேரியன் முடிஞ்சு, டிஸ்சார்ஜ் அன்னைக்கு பிபி 124/80. பொண்ணு கே.கே. நகர்ல அம்மா வீட்டுக்கு வர்றா. 5-ஆவது நாள் ராத்திரி நெத்தி முழுக்க வலி. “தூக்கம் இல்லடி, சரியாயிடும்”ங்கிறாங்க அம்மா. பாராசிட்டமால் போட்டும் குறையல. காலையில கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது.

4. பக்கத்து வீட்டு மெஷின்ல பார்த்தா 168/112. 15 நிமிஷம் கழிச்சு 166/110. உடனே 108. ஆஸ்பத்திரியில பிபியைக் குறைக்க மருந்து, வலிப்பு வராம இருக்க 24 மணி நேரம் மெக்னீசியம் சல்பேட். பிழைச்சுக்கிட்டா. இன்னும் அரை நாள் தைலத்தோட கிடந்திருந்தா வலிப்போ, மூளையில ரத்தக்கசிவோ வந்திருக்கலாம். அந்தக் காலத்துல “பிரசவ ஜன்னி”ன்னு சொன்னதுல இப்படி வந்த வலிப்பும் அடக்கம்.

5. எல்லாத் தலைவலியும் ஆபத்தானது இல்ல. தூக்கமின்மை, கழுத்துப் பிடிப்பு, பழைய ஒத்தைத் தலைவலி இதெல்லாம்தான் அதிகம். முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வெச்சவங்களுக்கு வேற மாதிரி வலி ஒண்ணு வரும்: உட்கார்ந்தா, நின்னா ஏறும், படுத்தா குறையும். இதுக்குத் தனி சிகிச்சை இருக்கு, மயக்க மருந்து டாக்டரைப் பாருங்க. ஆனா எந்த வகைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பிபி பார்த்தாகணும்.

6. இன்னொண்ணு, மூளையின் சிரைகள்ல ரத்தம் உறையுறது. நாளுக்கு நாள் கூடுற வலி, வாந்தி, கை கால் மரத்துப்போறது, வலிப்பு. பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் சுலபமா உறையும், உடம்புல நீர் வத்தினா ஆபத்து இன்னும் கூடும். “பச்சை உடம்பு, தண்ணி குடுக்காதே”ன்னு சொல்ற பெரியவங்களே, தயவுசெஞ்சு நிறுத்துங்க. தாகத்துக்குத் தாராளமா குடுங்க.

7. அடுத்த பயம்: “மாத்திரை போட்டா பால்ல இறங்குமே.” பாராசிட்டமால் போடலாம், 6 மணி நேர இடைவெளி விட்டு. பால் குடுக்கத் தடையில்ல. இபுப்ரோஃபெனும் பாலுக்குப் பிரச்சனை இல்ல. ஆனா பிபி அதிகமா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க. கோடீன் கலந்த மாத்திரையும், வலிக்காக ஆஸ்பிரினும் வேண்டாம்.

8. அந்த சளி மாத்திரைக்கு வர்றேன். மூக்கடைப்புக்குப் பல மாத்திரைகள்ல இருக்கிற ஃபீனைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் ரெண்டும் பிபியை ஏத்தக்கூடியவை. சூடோஎஃபெட்ரின் பாலையும் குறைக்கும். “நீர் கோத்திருக்கு”ன்னு நினைச்சு நீங்க வாங்கித் தர்றது இதைத்தான்.

9. பிபி மருந்து ஆரம்பிச்சா பாலை நிறுத்தணுமா? வேண்டாம். லபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் மூணும் பால் குடுக்கும்போது வழக்கமா குடுக்கிற மருந்துகள்தான். பாலுக்குப் பயந்து மாத்திரையை ஒளிச்சு வைக்காதீங்க.

10. பார்க்குற முறை: 5 நிமிஷம் அமைதியா உட்காரணும். முதுகு சாய்ஞ்சு, கை நெஞ்சு மட்டத்துல, பேசாம. 140/90 அல்லது மேல இருந்தா அன்னைக்கே டாக்டர். 160/110 தொட்டா 15 நிமிஷத்துல இன்னொரு தடவை, அப்படியே இருந்தா 108. ரெண்டு எண்ல ஒண்ணு தாண்டினாலே போதும்.

11. பார்வை மங்கல், வலது விலாவுக்குக் கீழ வலி, மூச்சுத் திணறல், குழப்பம், வலிப்பு, திடீர்னு வந்த கடுமையான தலைவலி: இதுல எது இருந்தாலும் மெஷினைத் தேடாதீங்க, கிளம்புங்க. போனதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை “பிரசவமாகி இத்தனை நாள் ஆச்சு.” குழந்தை கையில இல்லாத பொண்ணைப் பார்த்து அவசரப் பிரிவு டாக்டருக்கு அது தானா தெரியாது.

12. கடைசியா நம்ம ஆஸ்பத்திரிகளுக்கு. குழந்தையோட தடுப்பூசித் தேதி எல்லாம் அச்சடிச்சுத் தர்றோம். அம்மாவோட அடுத்த பிபி தேதி எங்க? டிஸ்சார்ஜ் சீட்டுல ஒரு வரி எழுத என்ன தடை? வீட்டுக்காரங்களே, எழுதலைன்னா கேட்டு வாங்குங்க. மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி பார்க்கக் காசு கிடையாது. முதல் 10 நாள்ல ரெண்டு தடவையாவது கூட்டிட்டுப் போங்க.