சீத்தாப்பழம் இறங்குமுன் கடைவீதிக்கு வாருங்கள்!

தோழர்களே! ஆடி பிறந்துவிட்டது, ஆவணியில் சீத்தாப்பழம் இறங்கும். பீமன் அருவிக்கும் காவலூர் தொலைநோக்கிக்கும் வருகிற வெளியூர்க் கார்கள் ஜமுனாமரத்தூரில் நின்று தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுகின்றன. தேன் தீர்ந்ததும் வாங்கியவர் யாரிடம் கேட்பார்? அந்தக் கேள்விக்கு வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பொருள் பட்டியல் போதும். அதைப் போட்டுக்கொடுத்து, மாதாமாதம் பார்த்துக்கொள்ளும் வேலையை நாம் எடுப்போம். கடைக்கு மாதம் 300 ரூபாய் கேட்கலாம் என்பது என் கணக்கு.

முதல் நிபந்தனை: வாட்ஸ்அப் கணக்கு கடைக்காரர் எண்ணில்தான் இருக்க வேண்டும். நம் சிம்மில் தொடங்கினால், நாம் விலகும் நாளில் அவருடைய வாடிக்கையும் நம்மோடு போய்விடும். ஒரே எண் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் சேர்ந்து ஓடாது. பழைய உரையாடல்களைக் காப்பு எடுத்துவிட்டு மாற்றுங்கள். Linked devices வழியாக நம் போனிலிருந்தே வேலை பார்க்க முடியும்தான். ஆனால் அவருடைய கடன், குடும்பப் பேச்சு எல்லாம் நம் கையில் திறந்து கிடக்கும். வேண்டாம், கடைக்கே போய் அவர் போனிலேயே செய்யுங்கள்.

சாமையை எடுத்துக்கொள்வோம். காலை வெயில் ஏறுமுன் வாசலில் வைத்துப் படம் எடுங்கள். Catalogue பகுதியில் 'சாமை அரிசி, 1 கிலோ' என்று பெயர், விலை, கீழே 'தபால் செலவு தனி' என்று ஒரு வரி. இந்த ஒரு வரி விட்டுப்போனால் பிறகு வருகிற சண்டை கடைக்காரர் தலையில்தான் விடியும். சிக்னல் இல்லாத ஊரானால் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கிடைக்கிற இடத்தில் ஏற்றுங்கள். ஏற்றியதை வாட்ஸ்அப் நிறுவனம் சரிபார்த்த பிறகே வெளியே தெரியும். தேனுக்குக் கீழே 'சர்க்கரை நோய் தீரும்' என்று எழுதினாலோ, கடுக்காய்ப் பொடியை மருந்தென்று போட்டாலோ, உயிருள்ள நாட்டுக்கோழிக்கு விலை சொன்னாலோ அங்கேயே தள்ளிவிடுவார்கள். திரும்பத் திரும்பச் செய்தால் கணக்கே முடங்கலாம். தேனைத் தேன் என்று எழுதுங்கள், போதும்.

பட்டியல் போடுவது ஒரு மதியத்து வேலை. சந்தா வாங்குவது அதற்கல்ல. புளி விலை ஏறியிருக்கும், பட்டியலில் பழைய விலையே நிற்கும். பெங்களூர்க்காரர் அந்த விலைக்கு ஐந்து கிலோ கேட்டு அனுப்புவார். 'அது பழைய விலைங்க' என்று கடைக்காரர் சொல்லத் தொடங்கினால், நாம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆகவே வாரம் ஒருமுறை இருப்பையும் விலையையும் கேட்டுத் திருத்த வேண்டும். பருவம் முடிந்த சீத்தாப்பழத்தை அழிக்காமல் மறைத்து வையுங்கள். அடுத்த ஆவணிக்கு அதே படம் உதவும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். ஆளுக்கு இரண்டு கடை, அதற்கு மேல் இப்போது எடுக்க வேண்டாம். போனில் சார்ஜ் நிரப்பிக்கொண்டு வாருங்கள்!