அப்பா, அம்மா... இதைப் படிச்சுட்டு அப்புறமா 'நோ' சொல்லுங்க!

(ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி, தன் பெற்றோருக்கு எழுதி சாப்பாட்டு மேஜையில் வைத்த கடிதம் இது.)

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நேருக்கு நேர் பேசினா அம்மா 'கண்ணு கெட்டுடும்'னு ஆரம்பிப்பா, அப்பா பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுப்பீங்க. அதனாலதான் கடிதம்!

நான் கேட்கிறது 'மைன்கிராஃப்ட்' விளையாட்டு. உங்க பயம் எனக்குப் புரியுது. சித்தப்பா பையன் துப்பாக்கி விளையாட்டுல சித்தப்பாவோட பணத்தை எட்டாயிரம் ரூபாய் வரைக்கும் கரைச்சது நம்ம குடும்பத்துல யாருக்குத்தான் தெரியாது? ஆனா, அதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீங்க.

முதல்ல வயசு. ஐரோப்பாவில் இதுக்கு 7 வயசுக்கு மேல்னும், அமெரிக்காவில் 10 வயசுக்கு மேல்னும் முத்திரை கொடுத்திருக்காங்க. எனக்கு 14. சண்டையே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ராத்திரியானா பேய் பிசாசு மாதிரி கட்டம் கட்டமா உருவங்கள் வரும். அடிச்சா மறைஞ்சுடும், ரத்தம் கிடையாது. 'பீஸ்ஃபுல்'னு ஒரு முறை இருக்கு. அதைப் போட்டா அதுவும் வராது. கல்லை வெட்டி வீடு கட்டலாம், அவ்வளவுதான்.

ஆனா அந்த முத்திரை ஒரு விஷயத்துக்குப் பொறுப்பு ஏத்துக்காது. முன்பின் தெரியாதவங்களோடு சேர்ந்து விளையாடும்போது அவங்க என்ன பேசுவாங்களோ, அது கணக்குல வராது. உண்மையான ஆபத்து அங்கேதான்! அதனால நான் தனியாத்தான் விளையாடுவேன். என் கணக்கை குழந்தைகளுக்கான கணக்காவே தொடங்கிக் கொடுங்க. அப்போ மத்தவங்களோடு சேரணும்னா உங்க அனுமதி வேணும்.

அடுத்தது பணம். மொபைலுக்கு ஒரே ஒரு தடவை சில நூறு ரூபாய் கட்டணும். தாத்தா கொடுத்த தீபாவளிப் பணம் என்கிட்ட இருக்கு. சித்தப்பா வீட்டுல நடந்தது விளையாட்டோட விலையால இல்லை, உள்ளே விற்கிற சாமான்களால. இதிலேயும் 'மைன்காயின்'னு காசு விற்கிறாங்க. அதை வாங்கி உடுப்பு, புது உலகம்னு வாங்கலாம். எதுவும் இல்லாமலே முழுசா விளையாட முடியும். பிளே ஸ்டோர்ல, எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வெச்சுடுங்க, பாஸ்வேர்டை எனக்குச் சொல்லாதீங்க.

இப்போ நேரம். கஷ்டமான இடமே இதுதான். 'இன்னும் ஒரே ஒரு கல்'னு தோண்டிட்டே இருக்கலாம், இதுக்கு முடிவு கிடையாது. இந்த விளையாட்டுல ஒரு பகல், ஒரு ராத்திரி சேர்ந்து சரியா 20 நிமிஷம். 'மூணு நாள் விளையாடினா ஒரு மணி நேரம்'னு கணக்கு சொல்லலாம்னு நினைச்சேன். ஆனா கட்டில் போட்டுத் தூங்கினா ராத்திரி ஓடியே போயிடும், கணக்கு தப்பிடும். அதனால சமையலறைக் கடிகாரம்தான் சாட்சி!

சனி, ஞாயிறு மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம். பள்ளி நாள்ல கிடையாது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, 20 அடிக்கு அப்பால் இருக்கிற எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை 20 விநாடி பார்ப்பேன். கண் டாக்டர்கள் சொல்ற வழிதான் இது. என் கண்ணாடி பவரை இது குறைக்காது, கண் களைப்பைத்தான் குறைக்கும்.

துப்பாக்கி விளையாட்டுல ஆட்டம் நடுவில் எழுந்தா தோல்வி. அதனாலதான் அவன், 'அஞ்சு நிமிஷம்மா'ன்னு கத்தினான். இதில் நான் தனியா ஆடும்போது வெளியே வந்தா, கட்டினது அப்படியே சேமிப்பாயிடும். அதனால நான் அந்தச் சாக்கு சொல்லவே முடியாது!

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸ்ஆர்டர்'னு ஒரு நோயைத் தன் பட்டியல்ல சேர்த்து, 2022-ல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. எத்தனை மணி நேரம்னு அதில் கணக்கு இல்லை. நிறுத்த முடியாம போறது, மத்த எல்லாத்தையும் விட விளையாட்டே பெரிசாப் போறது, கெடுதல் தெரிஞ்சும் தொடர்றது, இது மூணும்தான் அடையாளம். வழக்கமா ஒரு வருஷம் நீடிச்சாத்தான் நோய்னு சொல்வாங்க. நீங்க ஒரு வருஷம் காத்திருக்க வேணாம். ரெண்டு தடவை நேரம் தாண்டினாலோ, போனை வாங்கும்போது அம்மாகிட்ட நான் முகத்தைத் தூக்கிவெச்சாலோ, ஒரு மாசம் நிறுத்திடுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள்: கோபத்துல விளையாட்டை போன்லேர்ந்து அழிச்சுடாதீங்க. அழிச்சா நான் கட்டின உலகமும் சேர்ந்து போயிடும். போனை வாங்கிப் பூட்டி வையுங்க, போதும்.

இதுக்கப்புறமும் 'நோ'தான்னா சரி. ஆனா, இதில் எந்த இடம் பிடிக்கலைன்னு ஒரு கோடு போட்டுக் கொடுங்க. அதை மட்டும் மாத்தி எழுதிட்டு வர்றேன்.

உங்கள் அன்பு மகள்.